சிக்கு இல்லை

‘ஹகுனா மட்டாட்டா’வை நம்மில் பலர் 1994இல் வந்த ‘தி லயன் கிங்’ படத்தில்தான் கேட்டிருப்போம். சுவாஹிலியில் ‘ஹ’ இன்மையைக் குறிக்கும், ‘கு’ இடத்தை, ‘னா’ என்றால் உடன். மூன்றும் சேர்ந்தால் ‘இல்லை’. மட்டாட்டா என்றால் சிக்கல்கள். அதன் வேரும் நம்ம ‘சிக்கு’ மாதிரி பின்னிக்கொள்வதைச் சொல்வதுதான்.

ஆனால் கென்யாவில் ‘பரவாயில்ல’ என்று சொல்ல, வாயில் பெரும்பாலும் வருவது ‘ஹகுனா ஷிடா’. தன்சானியாவில் ‘ஹம்னா ஷிடா’. அப்புறம் மட்டாட்டா எப்படி உலகம் சுற்றியது? 1982இல் கென்யாவின் ‘தெம் மஷ்ரூம்ஸ்’ குழு ‘ஜம்போ புவானா’ பாட்டை வெளியிட்டது. கடற்கரை ஹோட்டல்களில் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வாசித்தவர்கள் அவர்கள். பாட்டில் வணக்கம், நலம் விசாரிப்பு, வரவேற்பு, கூடவே இந்தச் சொல். அடுத்த ஆண்டே ‘போனி எம்’ அதைப் பாடியது. படம் வந்தது அதற்கெல்லாம் பிறகு.

இங்கே கோத்தா கோலா மூடாவில் ஒருவர் ‘தாக் அப்பா’ என்றால், எதிரில் மன்னிப்புக் கேட்ட ஒரு ஆள் இருப்பார். சட்டையில் அச்சடித்த மட்டாட்டாவுக்கு எதிராளே வேண்டாம். அங்கேதான் பேச்சு கோஷமாகிறது என்று நினைக்கிறேன். கோஷத்தை விற்கவும் முடியும். 2003இல் டிஸ்னி அதை அமெரிக்காவில் சட்டைகளுக்கான வணிகக்குறியாகப் பதிந்தது. அந்தப் பதிவு யார் பேசுவதையும் தடுக்காது, விற்பனையைத்தான் கட்டுப்படுத்தும். இருந்தும் 2018இல் அதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். தினமும் புழங்கும் ‘ஷிடா’வை டிஸ்னி சட்டைக்குக் கேட்கவில்லை.