சவாரியும் அல்ல, சபரியும் அல்ல

கதை தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. ஏழாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு தமிழாசிரியர் வருகிறார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், கடலோர ஊர்களில் வேலை பார்த்துப் பழக்கமில்லாதவர். வருகைப் பட்டியல் ஆங்கிலத்தில் அச்சடித்தது. அவர் வாசிக்கிறார்: "சவாரிமுத்து."

பையன் எழுந்து, "உள்ளேன் ஐயா. சவரிமுத்து, சார்" என்கிறான். ஆசிரியர் தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறார். மறுநாளும் சவாரிமுத்து. மூன்றாம் நாள் பின்வரிசையில் ஒருவன் குதிரைக் குளம்படி ஓசையை நாக்கால் எழுப்ப, வகுப்பு சிரிக்கிறது. அப்பா சங்கு குளிக்கப் போகிறவர், பையனும் கடலுக்கு அஞ்சாதவன்தான். ஆனாலும் அந்தச் சிரிப்புக்கு முகம் சிவந்து உட்கார்ந்துவிடுகிறான்.

ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆங்கில எழுத்தில் வ-வுக்கும் வா-வுக்கும் வேறுபாடு தெரியாது. சவரியையும் சவாரியையும் ஒரே எழுத்துக்கோவையில்தான் எழுதியாக வேண்டும், வாசிப்பவர் தமக்குத் தெரிந்த சொல்லைத்தான் அதில் காண்பார். சவாரி எல்லோருக்கும் தெரிந்த சொல், பாரசீகத்திலிருந்து குதிரையோடும் பல்லக்கோடும் நமக்கு வந்தது. கோபம் வர வேண்டியது அடுத்த கட்டத்தில்தான். பெயர் சவரிதான் என்று தெரிந்த பிறகு, படித்தவர்கள் அதற்குக் கற்பிக்கும் வேர் இருக்கிறதே, அங்கேதான் சொல்லாராய்ச்சி தடுமாறுகிறது.

நான்காம் நாள் ஆசிரியர் தம் தவற்றைத் திருத்திக்கொள்கிறார், ஆனால் தவறான பக்கமாக. "தம்பி, உன் பேரு சபரிமுத்துதானே? ப வந்து வ ஆயிருச்சு. கம்பரே சபரியைச் சவரின்னுதான் சொல்றார்." கம்பர் அப்படித்தான் சொல்கிறார். ஆரணிய காண்டத்தில் அந்த மூதாட்டிக்குரிய படலத்தின் பெயரே 'சவரி பிறப்பு நீங்கு படலம்'. இவ்வளவு பலமான சான்று கையில் இருக்கும்போது ஒரு தமிழாசிரியர் அதை விட்டுக்கொடுப்பாரா? அச்சிலும் மேடையிலும் இந்த வேரை நம்பிச் சொல்பவர்கள் உண்டு. பின்னல் தடித்துத் தெரியப் பெண்கள் சேர்த்துக் கட்டும் சவரிமுடியை இழுத்து வருபவர்களும் உண்டு. முடியை விட்டுவிடலாம், அதற்கு மறுப்பு எழுதுவது வீண். சபரியை அப்படி விட முடியாது.

பையன் எழுந்து நிற்கிறான். "இல்ல சார், அது எங்க சவேரியார் பேரு. டிசம்பர் மூணாந்தேதி திருநாள். அவருக்கு நேர்ந்துக்கிட்டுப் பொறந்தேன்னு எனக்கு வச்சாங்க." பிறகு முன்வரிசையைக் காட்டுகிறான். "இவன் இசக்கிமுத்து, இசக்கியம்மன் பேரு. அவன் அந்தோணிமுத்து, அந்தோணியார் பேரு. நான் சவரிமுத்து."

பன்னிரண்டு வயதுப் பையன் மூன்று பெயர்களில் வழக்கை முடித்துவிட்டான். தென்கோடி மாவட்டங்களில் முத்து என்று முடியும் ஆண் பெயர்களை அடுக்கிப் பாருங்கள்: சுடலைமுத்து, பேச்சிமுத்து, இசக்கிமுத்து. முன்பாதியில் இருப்பது எந்தத் தெய்வத்திடம் நேர்ந்துகொண்டார்களோ அந்தத் தெய்வம், பின்பாதி பிள்ளை. கடற்கரைக் கத்தோலிக்கர் இந்த அச்சை மாற்றவில்லை, அதில் வார்த்ததைத்தான் மாற்றினார்கள்: அந்தோணிமுத்து, சூசைமுத்து, சவரிமுத்து. இந்த வரிசையில் சவாரிக்கு இடமே கிடையாது. சபரியோ இராமனுக்குக் காத்திருந்து முத்தியடைந்த அடியவள். பிள்ளை வரம் கேட்டு நேர்ந்துகொள்ளும் தெய்வமாக அவளை இந்தக் கரையில் யாரும் கொண்டதில்லை.

இன்னொரு சான்று இதைவிட உறுதியானது. ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில்கூட, சவேரி என்றும் சவரி என்றும் பெயர் வழங்குகிறது. ஒரே புனிதரைச் சவேரியார் என்றும் சவரியார் என்றும் சொல்கிறார்கள். சபரியிலிருந்து சவரி வரும், ஒப்புக்கொள்வோம். சவேரியில் இருக்கும் அந்த ஏகாரம் எங்கிருந்து வரும்? கம்பரிடம் அதற்கு விடை கிடையாது. வேகமாகச் சொல்லும்போது நடுவே நிற்கும் நெடில் தேய்ந்து குறிலாவது இயல்பு. அதனால் சவேரி முந்தியது, சவரி பிந்தியது. இந்த வரிசையைத் தலைகீழாக்க முடியாது.

சவேரி எங்கிருந்து வந்தது? ஸ்பெயினின் வடக்கே நவார் நாட்டில் ஒரு கோட்டை இருக்கிறது. 1506இல் அதில் பிறந்த பிரான்சிஸ் அந்தக் கோட்டையின் பெயரையே தம் பெயராகக் கொண்டார். அங்குள்ள பாஸ்க் மொழியில் எச்சே என்றால் வீடு, பெரி என்றால் புதியது. எச்சேபெரி என்பது 'புதுவீடு'. முதலெழுத்து உதிர்ந்து, பகரம் வகரமாகி, கோட்டையின் பெயர் ஷவியேர் ஆயிற்று. மெக்சிகோவின் குடியரசுத் தலைவராக இருந்த லூயிஸ் எச்செவெரியாவின் குடும்பப் பெயரும் இதே புதுவீடுதான். நம் பையனின் பெயரைப் பொருள் பிரித்தால் புதுவீட்டு முத்து. நம் ஊர்களில் புதுவீட்டுக்காரர் என்று ஒரு குடும்பத்தைச் சுட்டுவதில்லையா, அப்படியேதான்.

இனி அந்தச் சகரம். அந்தப் பெயரை ஐரோப்பாவில் எக்ஸ் எழுத்தை முதலில் வைத்து எழுதினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் வாயிலும் போர்த்துகீசியர் வாயிலும் அந்த எழுத்தின் ஒலி ஏறக்குறைய ஷ. பிறகு ஸ்பானியரிடம் அது தொண்டைக்குப் போய் ககரத்தை ஒட்டிய ஒலியாகிவிட்டது. கோட்டையின் பெயரை இன்று அவர்கள் ஹவியேர் என்பது போல ஒலிக்கிறார்கள். மெக்சிகோ என்று நாம் சொல்லும் நாட்டை அந்நாட்டார் மெஹிகோ என்பதும் இதே மாற்றத்தால்தான். ஆங்கிலேயர் அந்த எழுத்தைத் தங்கள் வழக்கப்படி ஒலித்தார்கள், அதிலிருந்து நமக்குச் சேவியர் வந்தது. பாளையங்கோட்டையில் 1923இல் தொடங்கிய கல்லூரிக்கு ஆங்கிலத்தில் சேவியர், தமிழில் சவேரியார். ஒரே வாசலில் இரண்டு ஒலிகள் நிற்கின்றன. அவற்றில் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்திறங்கிய மனிதர் தம் பெயரை ஒலித்த விதத்துக்கு நெருங்கியது தமிழ்தான். ஷ இல்லாத தமிழ் நாக்கு அதற்கு அண்டையில் இருந்த சகரத்தைப் போட்டது, பிறகு நானூறு ஆண்டுகளாக அதை மாற்றவில்லை.

இது தனியொரு சொல்லில் நேர்ந்த தற்செயல் அல்ல. கடற்கரையின் பழைய கத்தோலிக்க வழக்கில் இயேசு 'சேசு', யோசேப்பு 'சூசை'. போர்த்துகீசியர் ஜெசூஸ் என்றும் ஜொசே என்றும் எழுதுவார்கள். அவர்களுடைய ஜகரம் ஷவுக்கு நெருங்கிய மெல்லொலி, நம்முடைய ஜன்னலில் ஒலிக்கும் ஜ அல்ல. அதையும் தமிழ் சகரத்தால்தான் ஏந்திக்கொண்டது. சேசு, சூசை, சவேரி மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அவை ஒரே காதால் கேட்டு ஒரே வாயால் சொன்னவை என்பது விளங்கும். வீட்டுக்குள்ளேயும் அதே வாய்தான் பேசியது: போர்த்துகீசியரின் ஷாவே நமக்குச் சாவி, மேசா மேசை, பாத்ரே பாதிரி, மேஸ்த்ரே மேஸ்திரி. பெர்னாந்தோ என்ற குடும்பப் பெயரைக் கரையில் பர்னாந்து என்றார்கள். தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவரை ஊர் இன்றும் குரூஸ் பர்னாந்து என்றுதான் சொல்கிறது. இவற்றைக் 'கொச்சை' என்று ஒதுக்குபவர்கள் ஆங்கில உச்சரிப்பை அளவுகோலாக்கித் தமிழை அளக்கிறார்கள். பர்னாந்து ஆங்கிலத்தின் வழியாக வரவேயில்லை.

உயிரெழுத்துகளுக்கு மட்டும் வேறு வழி. ஷவியேர் என்ற பேச்சொலியிலிருந்து சவேரியார் நேராகப் பிறப்பது கடினம். கோயில் இலத்தீனில் அவர் பெயர் சவேரியுஸ். அந்தோனியுஸ் என்பதன் ஈற்றை வெட்டி, நம் மரியாதை ஈறான ஆர் சேர்த்து அந்தோணியார் ஆக்கியது போலவே சவேரியுஸ் சவேரியார் ஆகியிருக்கிறது. எலும்பு இலத்தீன், சகரம் போர்த்துகீசியம், ஆர் தமிழ். இந்தப் பெயர் எப்போது பிள்ளைகளுக்கு இறங்கியது என்று தேடுபவர்கள் அண்டிரிக் அடிகளார் 1586இல் அச்சிட்ட அடியார் வரலாற்றைப் புரட்டிப் பயனில்லை. அது புனிதர்களின் வரலாறு, சவேரியார் புனிதர் பட்டம் பெற்றதோ 1622இல். நேர்ந்து பெயரிடும் வழக்கம் அதற்குப் பிறகுதான் பரவியிருக்கும். பிற்காலத்தில் 'தமிழியன் ஆன்டிக்குவரி' என்ற ஆங்கில ஆய்விதழை நடத்திய பண்டிதர் சவரிராயரின் பெயரில் தேய்ந்த வடிவமே நிலைத்துவிட்டதைக் காண்கிறோம்.

பின்பாதி முத்துக்கும் ஒரு சொல் சொல்ல வேண்டும், ஏனெனில் வகுப்பில் ஆசிரியர் விடவில்லை. "சரி, முத்து வடசொல்தானே? முக்தா?" வடமொழியில் முக்த என்றால் விடுபட்டது, சிப்பியிலிருந்து விடுபட்டதால் முத்து என்பது அந்தக் கட்சி. சிப்பிக்குள் இருக்கும்போது அதற்கு என்ன பெயராம்? ஆமணக்கு விதையைக் கொட்டைமுத்து என்கிறோம், நெல்லைச் சீமையில் புளியங்கொட்டை புளியமுத்து. ஓட்டுக்குள் உருண்டு விளையும் விதைக்குத் தமிழில் முத்து என்பது பழைய பெயர், கடல் ஓட்டுக்குள் விளைந்ததற்கும் அதையே வைத்தார்கள். மதுரைக்காஞ்சியும் அகநானூறும் கொற்கை முத்தைப் பேசுகின்றன. அர்த்தசாத்திரம் முத்து வகைகளை எண்ணும்போது தாமிரபரணியும் பாண்டிய கவாடமும் தலைப்பில் நிற்கின்றன. பொருள் எந்தக் கரையிலிருந்து போயிற்றோ பெயரும் அங்கிருந்துதான் போயிருக்கும். வாங்கிய மொழி பெயருக்குத் தனக்கேற்ற பொருளைக் கற்பித்துக்கொண்டது, சவரியைக் கண்ட ஆசிரியர் சபரியைக் கற்பித்தது போல.

அந்த முத்து இன்று பெயர்களில்தான் மிஞ்சியிருக்கிறது. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள பார்களில் அரசு கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961இல். பிறகு சிப்பி அந்த அளவில் விளையவேயில்லை. குளியாட்கள் சங்குக்கு மட்டும் இறங்குகிறார்கள்.

ஐந்தாம் நாள் ஆசிரியர் பட்டியலில் அந்தப் பெயருக்கு மேல் பேனாவால் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். வாசிக்கிறார்: "சவேரிமுத்து."

பையன் எழுந்து, "சவரிமுத்து, சார்" என்கிறான். ஏகாரம் எப்போது தேய்ந்தது என்று காட்ட ஓலையோ கல்லோ நம்மிடம் இல்லை. ஆனால் வேம்பார் முதல் மணப்பாடு வரை, மணலில் ஓடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்ட தாய்களின் வாயில்தான் அது தேய்ந்தது.