"சொந்த வேலை காரணமாக…"



சோளக்காட்டில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். போன வாரம் போனில் கேட்டான்: "சார், லீவு மெசேஜில் சொந்த வேலைன்னு போட்டா போதுமா? என்ன வேலைன்னு மேனேஜர் கேக்கறாரு." அவனுக்கு அன்றே ஒரு பதில் சொன்னேன். ஆனால் அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. நானும் அதில் மாட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில், அந்தச் சொல் நம் சோம்பேறித்தனத்தில் பிறந்ததல்ல. அரசு விதியிலேயே இருக்கிறது. 1933ஆம் ஆண்டின் விடுப்பு விதிகளில் "சொந்த அலுவல் நிமித்தம் ஈட்டா விடுப்பு" என்றே ஒரு வகை உண்டு. அரைச் சம்பளம்தான், பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து அதிகபட்சம் 180 நாள். மருத்துவக் காரணத்துக்கான விடுப்பு தனி. அதாவது, உடம்பு சரியில்லை என்றால் சான்று காட்டு, மற்றதெல்லாம் உன் சொந்த அலுவல் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே பிரித்து வைத்துவிட்டார்கள்.

நாம் அடிக்கடி எடுக்கும் சி.எல்., அதாவது தற்செயல் விடுப்பு, இன்னும் வேடிக்கை. விதிப்படி அது விடுப்பே அல்ல. வருஷத்துக்கு 12 நாள் வராமல் இருக்கத் தரும் ஒரு சலுகை. அன்று நாம் பணியில் இருந்ததாகவே கணக்கு. ஆகவே தலைமையாசிரியர் பார்க்க வேண்டியது இரண்டுதான். கணக்கில் நாள் மிச்சம் இருக்கிறதா? அந்த வகுப்பை யார் பார்ப்பது? இந்த இரண்டுக்கும் காரணம் தேவையில்லை. அதனால்தான் சாதாரண நாளில் "சொந்த வேலை" போதும்.

போதும் என்பதோடு, பல நேரம் அது நல்லதும்கூட. எங்களோடு வேலை பார்த்த ஒரு டீச்சருக்குக் கரு கலைந்துவிட்டது. கடிதத்தில் சொந்த வேலை என்றுதான் எழுதினார். சி.எல். கடிதங்கள் மேசைமேல் ஃபைலில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டலாம். மலையில் ஒரு செய்தி செம்மேட்டிலிருந்து சோளக்காடு போக பஸ் வேண்டாம், உங்களுக்கே தெரியும். அந்த இரண்டு சொல் அவருக்கு ஒரு கதவு மாதிரி இருந்தது.

ஆனால் அங்கேயே ஒரு சிக்கலும் வந்தது. இரண்டு நாள் என்று போனவருக்கு இரண்டு வாரம் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சி.எல்.ஐ மற்ற விடுப்போடு ஒட்ட முடியாது. முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் மருத்துவ விடுப்பாக மாற்ற வேண்டும். சான்றிதழில் முதல் நாளிலிருந்து சிகிச்சை, கடிதத்திலோ சொந்த வேலை. எது உண்மை என்று கேள்வி வந்தது. எதை மறைக்க நினைத்தாரோ, அதையே எழுத்தில் விளக்க வேண்டியதாகிவிட்டது. "உடல்நலம் காரணமாக" என்று மட்டும் எழுதியிருந்தால், ரகசியமும் போயிருக்காது, சான்றிதழோடு மோதியும் இருக்காது.

இனி என் கதை. 2003 ஜூலை 2, புதன்கிழமை. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் தொடங்கிய நாள். ஓய்வூதியப் பலன்களைக் குறைத்ததற்கு எதிரான போராட்டம். நான் அதில் சேரவில்லை. சேராததற்கு வீரமோ கோழைத்தனமோ காரணமில்லை. மனைவி பக்கத்து நிலம் ஒன்றுக்கு அன்றுதான் கிரயம். முதல் நாளே சி.எல். எழுதிக் கொடுத்துவிட்டு மலை இறங்கினேன். "சொந்த வேலை காரணமாக 2.7.2003 ஒரு நாள் மட்டும்". இருபது வருஷமாக எழுதிய அதே வாக்கியம். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து கையெழுத்துப் போட்டேன்.

வந்தால், என் பெயரும் வேலைநிறுத்தக்காரர் பட்டியலில் மேலே போயிருந்தது.

ஏன் என்று புரிய ஒரு விதியைச் சொல்ல வேண்டும். 1973ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 22ஆம் விதி வேலைநிறுத்தத்தையும் "அதுபோன்ற செயல்களையும்" தடுக்கிறது. மேலிடத்தை நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு அனுமதியின்றி வேலைக்கு வராமலிருப்பதும் அதில் அடங்கும் என்று விளக்கமும் சொல்கிறது. எல்லோரும் ஒரே நாளில் சி.எல். போடுவது சங்கங்களின் பழைய உத்தி. அப்படிப் போடும் ஆயிரம் கடிதத்திலும் இருக்கும் காரணம் என்ன? சொந்த வேலைதான். சாதாரண நாளில் ஒன்றும் சொல்லாத அந்த வாக்கியம், அந்த ஒரு நாளில் மட்டும் "நானும் போராட்டத்தில் இருக்கிறேன்" என்று பேசத் தொடங்கிவிடுகிறது. இன்னொன்று, கடிதம் கொடுத்துவிட்டால் அனுமதி கிடைத்ததாக அர்த்தமில்லை. விடுப்பை உரிமையாகக் கேட்க முடியாது என்பது 1922 முதல் உள்ள அடிப்படை விதி.

ஜூலை 4 அன்று அவசரச் சட்டம் வந்தது. விசாரணையின்றியே பணிநீக்கம் தொடங்கியது. சுமார் 1,70,000 பேர் வேலை இழந்தார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. மூத்தவளுக்கு அப்போது பத்தாம் வகுப்பு.

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். அவரிடம் போய் நின்றேன். அவர் என் கடிதத்தையே எடுத்துக் காட்டினார். "சார், நான் மேல எழுதறதுக்கு இதுல நீங்க ஒண்ணுமே குடுக்கலையே?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அதே நாளில் லீவு போட்ட இன்னொரு ஆசிரியர், "நாமக்கல்லில் அக்கா மகள் திருமணம்" என்று எழுதிப் பத்திரிகையும் இணைத்திருந்தார். அதன் கீழே பரிந்துரை எழுதத் தலைமையாசிரியருக்கு இரண்டு வரி போதுமாக இருந்தது. அவர் பெயர் பட்டியலில் போகவே இல்லை.

என்னைக் காப்பாற்றியது கிரயப் பத்திரம்தான். பதிவுச் சட்டப்படி, பத்திரத்தைத் தாக்கல் செய்த நாள், நேரம், இடம் மூன்றையும் அதன் பின்பக்கத்தில் எழுதியாக வேண்டும்; தாக்கல் செய்பவர் கையெழுத்தும் போட வேண்டும். ஜூலை 2, பகல் 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் என்று அதில் இருந்தது. கீழே என் கையெழுத்து. அதன் நகலை வைத்து விளக்கக் கடிதம் கொடுத்தேன். ஆணை வருவதற்கு முன் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு நாள் சம்பளம் மட்டும் பல மாதம் தொங்கியது.

எல்லோருக்கும் அப்படி ஒரு காகிதம் இருக்கவில்லை. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், டி.கே. ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே இல்லை என்று சொல்லிவிட்டது. பெரும்பாலோர், 22ஆம் விதிக்குக் கட்டுப்படுவேன், நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகே மீண்டும் சேர்ந்தார்கள். அந்தத் தீர்ப்போடு எனக்கு இன்றும் உடன்பாடில்லை. அது வேறு பேச்சு.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். லீவு எழுதும் முன், அதே நாளில் வேறு யாரெல்லாம் லீவு கேட்பார்கள் என்று யோசிப்பேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்றால் சொந்த வேலை. போராட்ட அறிவிப்பு, தேர்தல் பணி, பரீட்சை, ஆடிப்பெருக்குக்கு வல்வில் ஓரி விழாவை ஒட்டிய நாள் என்றால், "பத்திரப்பதிவு", "திருமணம்", "மருத்துவமனை" என்று ஒரு சொல் கூடுதலாக எழுதுவேன். ஒரு சொல்தான். யார் நிலம், என்ன விலை, என்ன நோய் என்பதெல்லாம் யாருக்கும் தேவையில்லை.

பெங்களூர்ப் பையனிடம் நான் கேட்டதும் அதுதான்: "என்னைக்குடா லீவு கேட்ட?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்: "ரிலீஸ் அன்னைக்கு, சார். எங்க டீம்ல இன்னும் மூணு பேரு அதே மாதிரிதான் போட்டிருக்காங்க."

தங்கைக்கு சேலத்தில் கல்லூரிக் கலந்தாய்வாம். அதையே எழுதி அனுப்பச் சொன்னேன்.