பள்ளிப் பல் மருத்துவ முகாம் அறிவிப்பு

பள்ளியில் இலவசப் பல் பரிசோதனை முகாம் நடப்பதைப் பெற்றோருக்குத் தெரிவித்து, அவர்களின் ஒப்புதலைக் கேட்கும் சுற்றறிக்கை இது. மேற்பாதியில் தேதி, வகுப்பு, வரவிருக்கும் மருத்துவக் குழு ஆகிய விவரங்கள் இருக்கும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். முக்கியமான பகுதி கீழே, கிழித்துக் கொடுக்கும் சீட்டில்தான் இருக்கிறது: ஆஸ்துமா, இதயக் கோளாறு, மருந்து ஒவ்வாமை உண்டா என்ற கேள்விகள்.

இவை சடங்குக்காகக் கேட்கப்படுவதில்லை. சில முகாம்களில் பற்களின் மேல் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுகிறார்கள். அதில் பெரும்பாலும் பைன் மரப் பிசின் கலந்திருப்பதால், அந்தப் பிசினோ ஒட்டுப் பிளாஸ்திரியோ ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு அதைப் பூசக் கூடாது. வாய்ப்புண் இருந்தாலும் சீட்டில் எழுதிவிட வேண்டும்.

முகாம் நாளன்று குழந்தை வழக்கம்போல் பல் துலக்கி, காலை உணவு சாப்பிட்டுவிட்டு வரலாம். ரத்தப் பரிசோதனைக்குப் போவதுபோல் வெறும் வயிற்றோடு அனுப்பத் தேவையில்லை. “ஊசி போட மாட்டாங்க, வலிக்காது” என்று தைரியம் சொல்லப்போய், இல்லாத பயத்தைப் பெற்றோரே கிளப்பிவிடுவதுண்டு. “சின்னக் கண்ணாடி வெச்சுப் பல்லை எண்ணுவாங்க” என்றால் போதும். நடப்பதும் ஏறக்குறைய அதுதான். வார்னிஷ் பூசிய பற்கள் சில மணி நேரம் மஞ்சளாகத் தெரியலாம். அன்று கடினமான பண்டங்களையும் சூடான பானங்களையும் தவிர்த்து, பல் துலக்குவதை மருத்துவர் சொல்லும் நேரம்வரை தள்ளிப்போட வேண்டும்.

பரிசோதனை முடிந்ததும் குழந்தை கொண்டுவரும் அட்டையில் பல்லின் எண் இருக்கும். இரண்டாம் வகுப்புக் குழந்தையின் அட்டையில் 75, 36 ஆகிய இரண்டும் குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். இரண்டுமே கீழ்த்தாடையின் இடப்பக்கத்துக் கடைவாய்ப் பற்கள், அடுத்தடுத்து இருப்பவை. 75 பால் பல். பத்துப் பன்னிரண்டு வயதில் விழுந்துவிடும். 36 நிரந்தரப் பல். ஆறு வயதுவாக்கில் எந்தப் பால் பல்லும் விழாமலேயே வரிசையின் கடைசியில் முளைப்பதால், அதையும் பால் பல் என்றே வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். அதில் சொத்தை விழுந்து பல்லை எடுக்க நேர்ந்தால், அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது. 75-ஐயும் அலட்சியப்படுத்த முடியாது. அதை உரிய காலத்துக்கு முன்பே பிடுங்கினால் 36 முன்னோக்கிச் சாய்ந்து, பிறகு அங்கே வரவேண்டிய நிரந்தரப் பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இந்தியாவில் 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளுக்கு வரும் குழுவினரும் பற்களைப் பார்க்கிறார்கள். எந்தக் குழு வந்தாலும், வகுப்பறையில் எக்ஸ்ரே எடுக்க வழியில்லை. இரு பற்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சொத்தை கண்ணுக்குத் தப்பிவிடலாம். அட்டையில் ஒன்றும் குறிக்கப்படாத குழந்தைக்கும் இனிப்போ குளிர்ந்த நீரோ பட்டால் பல் கூசுகிறது என்றால், பல் மருத்துவரிடம் தனியாகக் காட்டுவதே சரி.