புதுப்பிப்புக் கெடுவும் முதல் மறுப்புரிமையும்: கால்டெக்ஸ் தீர்ப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

வணிகக் குத்தகைப் பத்திரங்களில் புதுப்பிக்கும் விருப்புரிமை குறித்து இந்திய நீதிமன்றங்கள் பேசும்போதெல்லாம் கால்டெக்ஸ் (இந்தியா) நிறுவனத்தின் வழக்கே முதலில் மேற்கோளாகிறது. 1969 ஆம் ஆண்டின் அகில இந்தியத் தீர்ப்புத் தொகுதியில் வெளியான இந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பச்சாவத். பத்தாண்டுக் குத்தகை முடிவதற்கு இரண்டு நாட்காட்டி மாதங்களுக்கு முன் குத்தகைதாரர் எழுத்து மூலம் கேட்டால் நிலத்தின் உரிமையாளர் புதுப்பித்துத் தர வேண்டும் என்பது அந்தப் பத்திரத்தின் நிபந்தனை. நிறுவனம் கேட்டது, ஆனால் கெடு கடந்த பிறகே கேட்டது. நீதிமன்றம் அதன் கோரிக்கையை ஏற்கவில்லை. முடிவைப் பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த முடிவு எந்த அடித்தளத்தின் மேல் நிற்கிறது என்பதில்தான் முந்தைய ஆய்வுகளோடு இக்கட்டுரை முரண்படுகிறது.

முந்தைய வாசிப்பு ஏறத்தாழ இப்படிச் செல்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55 ஆம் பிரிவு, காலம் ஒப்பந்தத்தின் உயிர்க்கூறா இல்லையா என்று கேட்கச் சொல்கிறது. நில விற்பனையில் காலம் பொதுவாக உயிர்க்கூறு அன்று என்பதைச் சாந்த் ராணி வழக்கில் (1993) அரசியல் சாசன அமர்வே உறுதிப்படுத்தியது. குத்தகைப் புதுப்பிப்பு இந்தப் பொது விதிக்கு ஒரு விலக்கு. விலக்கு என்பதால் அதைக் குறுக்கியே வாசிக்க வேண்டும். தாமதம் சில நாள்தான், உரிமையாளருக்கு இழப்பும் இல்லை என்றால் நீதிமன்றம் இரங்கலாம். கால்டெக்ஸ் தீர்ப்பே சிறப்புச் சூழல்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறதே என்பது இந்த வாசிப்பின் முத்தாய்ப்பு.

இவ்வாசிப்பில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருப்பதாக எனக்குப் படுகிறது. 55 ஆம் பிரிவு, ஒரு செயலைக் குறித்த காலத்தில் செய்வதாக வாக்களித்தவர் அதைச் செய்யத் தவறும் நிலையைப் பற்றியது. புதுப்பிக்கும் உரிமை பெற்ற குத்தகைதாரர் எதற்கும் வாக்களிக்கவில்லை. கடைசி நாள் வரை பேசாமல் இருந்துவிட்டுச் சாவியைக் கொடுத்துப் போனாலும் அவர் எந்த உடன்படிக்கையையும் மீறியவர் ஆகமாட்டார். வாக்குறுதி இல்லாத இடத்தில் தவறுதல் இல்லை. தவறுதல் இல்லாத இடத்தில் 55 ஆம் பிரிவுக்கு வேலையும் இல்லை. உரிமையாளர் திரும்பப் பெற முடியாதபடி முன்வைத்த ஒரு முன்மொழிவே விருப்புரிமை. கெடு அதன் ஆயுள். கெடு முடிந்த பின் வரும் கடிதம் ஏற்பதற்கு அங்கே முன்மொழிவே இருக்காது.

இந்தக் கருத்தைத் தீர்ப்பின் மேல் நான் வெளியிலிருந்து ஏற்றவில்லை. புதுப்பிப்புக்குரிய காலவரையறையைப் பொதுச் சட்டம் ஒரு முன்நிபந்தனையாகவே கொண்டது, சமநீதி மன்றங்களும் இதில் அதையே பின்பற்றின என்று தீர்ப்பு சொல்கிறது. குத்தகைதாரருக்கு இது ஒரு சலுகை, சலுகையைக் கோருபவர் அதன் எல்லைக்குள் நின்று கோர வேண்டும் என்பதே அதன் விளக்கம். முந்தைய ஆய்வுகள் இந்தப் பகுதியைக் கண்டிப்பான தொனிக்குச் சான்றாக எடுத்துக்கொண்டு, அதன் தருக்கத்தை விட்டுவிடுகின்றன.

சிறப்புச் சூழல்கள் எனும் வாசலை என்ன செய்வது? மோசடி, உரிமையாளரின் நேர்மையற்ற நடத்தை ஆகியவை என் வாசிப்புக்கு இடையூறு அல்ல. தன் செயலால் ஒருவரைக் கெடு தவறச் செய்தவர் அந்தத் தவற்றைக் கருவியாக்க முடியாது என்ற முரண்தடையே அவற்றை விளக்கப் போதும். தவிர்க்க முடியாத விபத்து மட்டும் இந்தச் சட்டகத்தில் முழுதாகப் பொருந்தவில்லை. அதை ஒரு வரலாற்று எச்சமாகக் கருதலாம் என்று நினைக்கிறேன். அலுவலக மறதிக்கு அந்த வாசலில் இடம் கிடைக்கவில்லை என்பதே நடைமுறையில் முக்கியம். சிறிய வணிகருக்கு இது கொடுமை அல்லவா என்பார்கள். கெடுவை அறிந்துதான் அவரும் கையொப்பமிட்டார். அந்தக் கெடுவை நம்பித்தான் உரிமையாளர் அடுத்த குத்தகைதாரரைத் தேடுகிறார்.

இரு வாசிப்புகளும் எங்கே பிரிகின்றன என்பது ஓர் எடுத்துக்காட்டில் தெளிவாகும். கோயம்புத்தூரில் ஒரு கடை, ‘2016 ஏப்ரல் 1 முதல் ஒன்பது ஆண்டுகளுக்கு’ என்று குத்தகைக்கு விடப்பட்டதாகக் கொள்வோம். முடியும் தேதி பத்திரத்தில் இல்லை. புதுப்பிப்புக்கான அறிவிப்பு, காலம் முடிவதற்கு இரண்டு நாட்காட்டி மாதங்களுக்கு முன் தரப்பட வேண்டும். வணிகர்கள் பெரும்பாலும் 2025 மார்ச் 31 உடன் குத்தகை முடிவதாகவே கணக்கிடுவார்கள். அப்படியானால் பிப்ரவரியும் மார்ச்சும் முழுதாக மீதமிருக்க வேண்டும். கடைசி நாள் ஜனவரி 31. ஆனால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 110 ஆம் பிரிவு வேறு கணக்கைச் சொல்கிறது. ஒரு நாளிலிருந்து தொடங்குவதாகக் குறித்த குத்தகையில் அந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆண்டுக் கணக்கில் விடப்பட்ட குத்தகை, அந்த நாளின் ஆண்டு நிறைவு நாள் முழுவதும் நீடிக்கும். பத்திரத்தில் மாறான உடன்பாடு இல்லையென்றால் இந்தக் குத்தகை ஏப்ரல் 1 நள்ளிரவில்தான் முடியும். அப்போது கடைசி நாள் பிப்ரவரி 1.

குத்தகைதாரர் பிப்ரவரி 1, சனிக்கிழமை அன்று உரிமையாளரின் கையில் கடிதத்தைத் தருகிறார். முந்தைய வாசிப்பின்படி இது ஒரு நாள் தாமதம், அதற்கு மன்னிப்புக் கேட்கும் வழக்கு. என் வாசிப்பில் இதில் மன்னிப்புக்கே இடமில்லை, தேவையும் இல்லை. கெடு முன்மொழிவின் ஆயுள் என்றால், அந்த ஆயுளைச் சட்டப்படி சரியாக அளப்பதுதான் நீதிமன்றத்தின் முழுப் பணி. 110 ஆம் பிரிவின்படி அளந்தால் கடிதம் உரிய காலத்துக்குள் வந்திருக்கிறது. கண்டிப்பான வாசிப்பு குத்தகைதாரருக்கு எப்போதும் எதிரி என்ற எண்ணம் இதனால் தவறாகிறது. ஆனால் அதே பத்திரத்தில் ‘2025 மார்ச் 31 வரை’ என்ற சொற்கள் இருந்தால் அதுவே மாறான உடன்பாடு. அந்தக் கடிதம் செல்லாது. கடைசி நாள் விடுமுறையானால் அடுத்த நாள் செய்யலாம் என்ற பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 10 ஆம் பிரிவும் இங்கே உதவாது. அது சட்டத்தின்கீழ் நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ செய்ய வேண்டிய செயல்களுக்கானது.

இன்னொரு விளைவு இதைவிடக் கனமானது. கடிதம் தாமதமாக வந்தது, உரிமையாளர் பதில் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். 55 ஆம் பிரிவின் வழியே போனால், ஒப்பந்தத்தைத் தள்ளும் உரிமையை அவர் பயன்படுத்தவில்லை, ஆகவே ஒப்பந்தம் நீடிக்கிறது என்று வாதிடலாம். முன்மொழிவு என்ற அடித்தளத்தில் அந்த வாதம் நிற்காது. தாமதமான கடிதம் குத்தகைதாரரின் புதிய முன்மொழிவு. மௌனம் அதற்கு ஏற்பு ஆகாது. அதன்பின் உரிமையாளர் மாத வாடகை வாங்கினாலும், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 116 ஆம் பிரிவின்படி கடைக்கு மாதக் குத்தகை ஒன்றுதான் பிறக்கும். பதினைந்து நாள் அறிவிப்பில் அது முடிந்துவிடும். உரிய காலத்தில் கேட்டவருக்கும் பாதி வழிதான் கடந்திருக்கிறது. காலநீட்டிப்பு வேறு, புதுப்பிப்பு வேறு. புதுப்பிப்புக்குப் புதிய பத்திரம் எழுதியாக வேண்டும் என்று ஹர்தேஷ் ஓர்ஸ் வழக்கில் (2007) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமையாளர் எழுதித் தர மறுத்தால், அந்த மறுப்பிலிருந்து மூன்றாண்டுக்குள் ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும்படி வழக்குத் தொடுக்க வேண்டும்.

முதல் மறுப்புரிமைக்கு வருகிறேன். கால்டெக்ஸ் விதியை அப்படியே இதற்கும் நீட்டும் பழக்கம் முந்தைய ஆய்வுகளில் இருக்கிறது. அது பிழை என்று துணிந்தே சொல்லலாம். புதுப்பிப்பில் முன்மொழிவு முதல் நாளே பத்திரத்தில் இருக்கிறது. காலத்தை நாட்காட்டி நகர்த்துகிறது. முதல் மறுப்புரிமையில் உரிமையாளர் விற்க முடிவு செய்து, விற்பனைக் கூறுகளைத் தெரிவிக்கும் வரை முன்மொழிவே இல்லை. முப்பது நாள் அவகாசம் என்று பத்திரம் சொன்னால், அந்த நாள்கள் முழுமையான அறிவிப்பு வந்த பிறகே எண்ணப்பட வேண்டும். ‘கட்டடத்தை விற்கப் போகிறேன், உங்களுக்கு எண்ணம் உண்டா?’ என்ற கடிதம் காலத்தைத் தொடக்காது. விலை, பணம் தரும் முறை, விற்கும் பகுதி, பத்திரப் பதிவுக்கான காலம் ஆகியவை இருந்தால்தான் குத்தகைதாரர் எதை ஏற்பது, எதை மறுப்பது என்ற கேள்வியே பிறக்கும். கண்டிப்பு இங்கே முதலில் உரிமையாளர் மேல் விழுகிறது.

அதே கோவைக் கடைக்கு வெளியாள் ஒருவர் 2 கோடியே 40 இலட்சம் ரூபாய் தர முன்வந்து, உரிமையாளர் அதை முழு விவரத்தோடு தெரிவித்ததாகக் கொள்வோம். ‘2 கோடியே 20 இலட்சம் என்றால் வாங்கிக்கொள்கிறேன்’ என்று குத்தகைதாரர் எழுதினால் அது ஏற்பு அன்று, எதிர்முன்மொழிவு. ஏற்பு நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 7 ஆம் பிரிவு. முப்பதாம் நாள் கழிந்தால் உரிமையாளர் வெளியாளுக்கு விற்கலாம். ஆனால் கடைசியில் 2 கோடியே 10 இலட்சத்துக்கு விற்றால், குத்தகைதாரர் மறுத்தது அந்த விற்பனையை அன்று. அவர் மறுத்தது 2 கோடியே 40 இலட்சத்தை. குறைந்த விலைக்குப் புதிய அறிவிப்பு தேவை.

வாங்கியவர் தமக்கு எதுவும் தெரியாது என்று தப்பிக்கலாமே என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. முன்கொள்முதல் உடன்படிக்கை நிரந்தரத்துக்கு எதிரான விதியில் சிக்காது என்பது ராம் பரன் பிரசாத் வழக்கிலேயே (1967) முடிந்த விஷயம். அறிந்து வாங்கியவரை இத்தகைய உடன்படிக்கை கட்டுப்படுத்தும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 40 ஆம் பிரிவு. ஒரு சொத்தில் உண்மையில் குடியிருப்பவரின் உரிமையை, அதை வாங்குபவர் அறிந்தவராகவே கொள்ளப்படுவார் என்கிறது அதே சட்டத்தின் 3 ஆம் பிரிவின் விளக்கம். கடையில் பெயர்ப்பலகை தொங்கும்போது வாங்குபவர் பத்திரத்தைக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இரு உரிமைகளும் ஒரே பத்திரத்தில் இருக்கும்போது ஒன்று மற்றதைச் சார்ந்து நிற்கிறது என்பதைக் குத்தகைதாரர்கள் கவனிக்க வேண்டும். முதல் மறுப்புரிமை ‘குத்தகைக் காலத்தில்’ என்று எழுதப்பட்டிருந்தால், புதுப்பிப்புக் கெடுவைத் தவறவிட்டவர் அதையும் இழக்கிறார். 116 ஆம் பிரிவின் மாதக் குத்தகை அந்த உரிமையைக் கூடவே சுமந்து வரும் என்று சொல்லும் உறுதியான அடிப்படை எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. முழு அறிவிப்பு வராதவரை முதல் மறுப்புரிமையின் கெடு ஓடவில்லை என்ற பாதுகாப்புக்கூட, குத்தகை உயிரோடு இருப்பவருக்கே பயன்படும். ஆகவே புதுப்பிப்புக் கடிதத்தைக் கடைசி நாளுக்கு வைத்திருக்காமல், 110 ஆம் பிரிவின் கணக்கு, வணிகரின் கணக்கு இரண்டில் எது முந்துகிறதோ அதற்கும் முன்பே உரிமையாளரிடம் சேர்த்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்பம் வாங்கிவிட வேண்டும்.