ஒற்றைப்படை, இரட்டைப்படை பறப்பு மட்டங்கள்

எதிரெதிர்த் திசையில் செல்லும் விமானங்களுக்குத் தனித்தனி உயரம் ஒதுக்கும் முறை. காந்தத் திசை 0 முதல் 179 பாகைக்குள், அதாவது கிழக்கு நோக்கிச் செல்பவை 35,000, 37,000 அடி என ஒற்றைப்படை ஆயிரங்களில் பறக்கும். மேற்கு நோக்கியவை 36,000, 38,000 என இரட்டைப்படையில். இடையே 1,000 அடி இருக்கும்.

வான்தடம் திரும்பும் இடமே ஆபத்தானது. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலில் ஒரு லெகசி ஜெட், பிரசீலியாவைக் கடந்து வடமேற்கே திரும்பியது. பறப்புத் திட்டப்படி 36,000 அடிக்கு இறங்கியிருக்க வேண்டும். 37,000 அடியிலேயே தொடர்ந்தது. கட்டுப்பாட்டு அறையும் திருத்தவில்லை. டிரான்ஸ்பாண்டர் இயங்காததால் மோதல் எச்சரிக்கைக் கருவியும் ஒலிக்கவில்லை. மனாஸிலிருந்து தென்கிழக்கே அதே உயரத்தில், தனக்குரிய ஒற்றைப்படை மட்டத்தில் வந்த கோல் நிறுவன போயிங்குடன் மோதியது. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தனர்.