இரத்தத்தில் எழுதிய கணக்கு – 7: முந்தி ஓடிய பட்டை

1968. தெஹ்ரான் பல்கலைக்கழகம். சாமுவேல் ரஹ்பர் தேடிக்கொண்டிருந்தது சர்க்கரை நோயை அல்ல. ஈரானியர்களின் இரத்தத்தில் பிறவியிலேயே மாறிப்போன ஹீமோகுளோபின் வகைகள் எவை என்று பார்ப்பதே அவர் வேலை. மருத்துவமனை நோயாளிகள் சுமார் 1,200 பேரின் இரத்தத்தை அகர் கூழில் வைத்து மின்சாரம் பாய்ச்சினார். ஒவ்வொரு ஹீமோகுளோபினும் தன் மின்னேற்றத்துக்கு ஏற்ற வேகத்தில் நகர்ந்து, தனித்தனிப் பட்டையாகத் தெரியும்.

இரண்டு பேரின் இரத்தத்தில் மட்டும் ஒரு பட்டை வழக்கத்துக்கு மாறாக முந்தி ஓடியிருந்தது. அவர்களின் நோய்க்குறிப்பைப் புரட்டினார். இருவருக்கும் சர்க்கரை நோய்.

தற்செயலா? சர்க்கரை நோயாளிகள் 47 பேரின் இரத்தத்தை வரவழைத்துச் சோதித்தார். அத்தனை பேரிடமும் அதே பட்டை!

பிறவிக் கோளாறு இத்தனை பேருக்கு ஒரே மாதிரி அமையாது. அப்படியானால் அந்த ஹீமோகுளோபின் பிறந்த பிறகுதான் மாறியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டே நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் ஹெலன் ரேனியின் குழுவோடு சேர்ந்து ரஹ்பர் இன்னொரு கட்டுரை வெளியிட்டார். அந்தப் பட்டை, பத்து ஆண்டுகளுக்கு முன்பே வேதியியலாளர்கள் பிரித்துப் பெயரிட்டிருந்த எச்பிஏ1சிதான் என்று தெரிந்தது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி வேலின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்குகிறது. அந்த முனையில் குளுக்கோஸ் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டவைக்க எந்த நொதியும் தேவையில்லை. இரத்தத்தில் சர்க்கரை கூடக் கூட ஒட்டுவதும் கூடும். ஒட்டியது, அதைச் சுமக்கும் சிவப்பணு சாகும்வரை ஏறக்குறைய நிலைத்திருக்கும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்.

1976இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரோனால்ட் கேனிக், ஆந்தனி செராமி குழுவினர் இதை நோயாளிகளிடமே பார்த்தார்கள். ஐந்து பேரை மருத்துவமனையில் சேர்த்துச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 343இலிருந்து 84க்கு இறங்கியது. எச்பிஏ1சி உடனே இறங்கிவிடவில்லை. பழைய அணுக்கள் மடிந்து புதியவை வர வர, 9.8 சதவீதம் மெல்ல 5.8 ஆனது. மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் பரிசோதனை அங்கே உறுதிப்பட்டது. 2010இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம், 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்றே முடிவு செய்யலாம் என்றது.

ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது. எல்லோருடைய அணுவும் 120 நாள் வாழ வேண்டும்!

மாதவிலக்கில் அதிக இரத்தம் இழக்கும் 35 வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 8 கிராம். அணுக்கள் சிறுத்திருக்கின்றன, இரும்புச்சத்துக் குறைவு. எச்பிஏ1சி 6.5 என்று வருகிறது. சராசரிச் சர்க்கரை சுமார் 140 என்று பொருள். வெறும் வயிற்றில் பார்த்தால் 90; குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 118. இரண்டும் சரியான அளவுகள். எது பொய்? மருத்துவர்கள் சொல்லும் முக்கியக் காரணம் இது: இரும்பு இல்லாமல் புதிய அணுக்கள் குறைவாகவே வருகின்றன, ஓடுவதில் வயதானவை அதிகம், அவற்றில் சர்க்கரையும் அதிகம். இவருக்குத் தேவை சர்க்கரை மாத்திரை அல்ல, இரும்புச்சத்து. அதைத் தொடங்கியதும் இளம் அணுக்கள் திரளாக வரும். அந்த வாரங்களில் எடுக்கும் எச்பிஏ1சி மறுபக்கம் சாய்ந்து, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டலாம். இரத்தசோகை சரியாகி, சில மாதம் கழித்து எடுப்பதே நியாயமான அளவு.

இதைவிட அபாயம், அணுக்கள் முன்கூட்டியே உடையும் நோய்களில். ஆயுள் பாதியானால் சர்க்கரை ஒட்டக் கிடைக்கும் காலமும் பாதி. வீட்டுக் கருவி நாளெல்லாம் 200க்கு மேல் காட்டும், எச்பிஏ1சி 5.6 என்று ஆறுதல் சொல்லும். பெருமளவு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடமும் இந்த எண்ணை நம்ப முடியாது. விரல்நுனி அளவும் அறிக்கையும் இப்படி முரண்பட்டால் ரெடிகுலோசைட் எனும் இளம் அணுக்களை எண்ணச் சொல்ல வேண்டும். சிகிச்சையை முடிவு செய்ய, சிவப்பணுவின் ஆயுளைச் சாராத ஃப்ரக்டோசமைன் சோதனை இருக்கிறது. இரண்டு மூன்று வாரச் சர்க்கரையை அது சொல்லும்.

ரஹ்பர் முதலில் தேடிய பிறவி ஹீமோகுளோபின்களோ இன்னும் கதைக்குள் வரவில்லை. அரிவாள் வடிவ அணு நோயை உண்டாக்கும் எச்பிஎஸ் சில கருவிகளில் எச்பிஏ1சியின் அளவையே குழப்பிவிடும். தனக்கு அது இருக்கிறது என்றே அறியாமல், பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்றவர்கள் ஏராளம். அது ஆப்பிரிக்கர்களின் இரத்தத்தோடு சேர்ந்தது என்றே மருத்துவ உலகம் வெகுகாலம் எண்ணியிருந்தது.

1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் இரத்தம் எடுத்தது ஆப்பிரிக்காவில் அல்ல. நம் நீலகிரி மலையில்!

(தொடரும்)