வீடு தேடி வந்த பரிசுப் பொதி: மனம் நோகாமல் திருப்பிக் கொடுப்பது எப்படி?

டிசம்பர் பிறந்துவிட்டால் கொள்வனவுப் பிரிவில் வேலை செய்பவர்களின் மேசைக்குக் கலண்டர்களும் டயறிகளும் வரத் தொடங்கும். அவற்றோடு சில வேளை கேக், சாரி, கடை வவுச்சர் என்பனவும் வரும். கடையின் பெயர் அச்சிட்ட கலண்டரைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்கவிடுகின்றன. காசு, வவுச்சர், தொலைபேசி றீலோட் ஆகியவற்றைப் பொதுவாக எந்த நிறுவனமும் அனுமதிப்பதில்லை. இவை இரண்டுக்கும் இடைப்பட்ட பொருட்களில்தான் சங்கடம் வருகிறது. பொருளைத் திருப்பினால் கொடுத்தவர் முகம் சுருங்கும். திருப்பாவிட்டால் வேலைக்கே ஆபத்து.

இந்தக் கட்டுரைக்காக வடக்கில் தனியார் நிறுவனங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் கொள்வனவு வேலை பார்க்கும் சிலருடன் பேசினேன். அவர்களில் ஒருவரின் அனுபவம் ஏறத்தாழ எல்லாச் சிக்கல்களையும் உள்ளடக்கியிருந்ததால் அதையே விரிவாகத் தருகிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கொள்வனவு அலுவலர். அலுவலகத்துக்கு 6 பிரின்டர்கள் வாங்க மூன்று கடைகளிடம் விலைமனு கேட்டிருந்தார்கள். விலைமனுக்கள் வந்துவிட்டன, முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. ஒரு வியாழன் மாலை, அந்த மூவரில் ஒரு கடைக்காரர் தன் கடைப் பொடியனிடம் ஒரு பொதியை அலுவலரின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அலுவலர் அப்போது வீட்டில் இல்லை. பொதியை வாங்கிய தாயார் கேக்கை வெட்டி, கொண்டு வந்த பொடியனுக்கே தேநீரோடு கொடுத்தும் விட்டார். பொதியின் அடியில் ஒரு கடித உறை, அதற்குள் 15,000 ரூபா பெறுமதியான வவுச்சர்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் தெரிகின்றன. பொதி அலுவலகத்துக்கு வராமல் வீட்டுக்கு வந்திருக்கிறது. விலைமனு முடிவாகாத நேரத்தில் வந்திருக்கிறது. காசுக்குச் சமமான ஒன்று அதற்குள் இருக்கிறது. மூன்றில் ஒன்று இருந்தாலே, பெறுமதி எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல் திருப்ப வேண்டும்.

அவர் முதலில் கடைக்காரருக்கு அழைக்கவில்லை. அன்றிரவே பொதியைப் படமெடுத்து, என்ன வந்தது, எப்போது வந்தது, கேக் வெட்டப்பட்டுவிட்டது என்பதையெல்லாம் எழுதித் தன் முகாமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இந்த ஒழுங்கு முக்கியமானது. முதலில் கடைக்காரரிடம் பேசினால், "ஒருவருக்கும் சொல்லாதேங்கோ, நீங்களே வைச்சிருங்கோ" என்ற கதை வரும். அதைக் கேட்ட பிறகு முகாமையாளருக்குச் சொல்வது கடைக்காரரைக் காட்டிக்கொடுப்பதுபோலாகிவிடும். பிறகு யாராவது முறைப்பாடு செய்தாலும், அதே இரவில் எழுதிய மின்னஞ்சல்தான் அலுவலரைக் காப்பாற்றும்.

மறுநாள் காலை தொலைபேசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை, நீங்கள் அனுப்பின பொதி வந்தது. எங்களை நினைச்சதுக்கு நன்றி. ஆனா எங்கட ஒபிசில வழங்குநர்களிட்ட இருந்து ஒண்டும் எடுக்கேலாது, எல்லாருக்கும் ஒரே சட்டம். குறை நினைக்காதேங்கோ, இண்டைக்குப் பின்னேரம் கொண்டுவந்து தாறன்."

இந்தப் பேச்சில் என்ன இல்லை என்பதைக் கவனியுங்கள். 'இலஞ்சம்' என்ற சொல் இல்லை. 'இந்த முறை வேண்டாம்' என்று இல்லை, ஏனெனில் அது அடுத்த முறைக்குக் கதவைத் திறந்துவிடும். 'எனக்கு விருப்பம்தான், முகாமையாளர் விடமாட்டார்' என்றும் இல்லை. அப்படிச் சொன்னால் முகாமையாளருக்குத் தெரியாமல் தரும்படி கேட்பதாகவே மற்றவருக்குப் படும். மறுப்பு நிறுவனத்தின் விதியாக இருக்கும்போது அது கடைக்காரர் மீதான சந்தேகமாகத் தெரிவதில்லை.

அடுத்தது கேக். வெட்டியதை மறைப்பதற்கில்லை. முகாமையாளரின் சம்மதத்தோடு அதே பேக்கரியில் அதே கேக்கைத் தன் காசில் வாங்கிப் பொதியில் வைத்து, பற்றுச்சீட்டின் பிரதியை அலுவலகக் கோப்பில் போட்டார். உடனே பழுதாகும் பொருளாக இருந்து, திருப்பவும் வழியில்லாவிட்டால், முகாமையாளரின் அனுமதியோடு ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டு, அதை வழங்குநருக்கும் எழுதி அறிவிப்பதே வழக்கம். அனுமதி கேட்காமல் அலுவலகத்தில் எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. றீலோட் வந்தால் அதே தொகையைக் கடையின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். கையில் காசாகத் திருப்பினால் எந்தச் சான்றும் இராது.

பொதியை அவர் ஒரு சக ஊழியரோடு நேரில் கொண்டுபோனார். கடையில் ஆட்கள் குறைந்த நேரம் பார்த்து, முதலாளியின் கையிலேயே கொடுத்தார். வாசல் காவலாளியிடம் விட்டுவருவதும் வாடிக்கையாளர்கள் முன்னால் நீட்டுவதும்தான் உறவைக் கெடுக்கும். கூடவே நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் ஒரு சிறிய கடிதம்:

"தாங்கள் அன்புடன் அனுப்பிய பரிசுப் பொதிக்கு நன்றி. வழங்குநர்களிடமிருந்து அன்பளிப்புகளை ஏற்பதற்கு எமது நிறுவன விதிகள் இடமளிக்காததால், பொதியையும் அதிலிருந்த 15,000 ரூபா வவுச்சரையும் இத்துடன் திருப்பி ஒப்படைக்கிறோம். கேக் வெட்டப்பட்டுவிட்டதால் அதேபோன்ற ஒன்றை வைத்துள்ளோம். இது தங்கள் விலைமனுவின் பரிசீலனையை எவ்விதத்திலும் பாதிக்காது."

பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, திகதியும் கையொப்பமும் வாங்கினார். கடைசி வசனம்தான் கடைக்காரரின் உண்மையான பயத்துக்குப் பதில். பொதி திரும்பியது பற்றி அவருக்குக் கவலை குறைவு. இனி ஓடர் கிடைக்குமா, பழைய பில்லுக்குக் காசோலை பிந்துமா என்பதுதான் அவர் யோசனை. ஆகவே அதன் பின் வரும் கொடுப்பனவு நாட்பிந்தாமல் போய்ச்சேர வேண்டும்.

விலைமனு பரிசீலனையிலிருந்து அந்த அலுவலர் விலகிக்கொள்ள, வேறிருவர் முடிவெடுத்தார்கள். அந்தக் கடை இரண்டாவதாக வந்தது. தெரிவான விலையும் காரணமும் மூன்று கடைகளுக்கும் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டன. சில மாதங்களின் பின் மை வாங்கக் கேட்டபோது அதே கடை மீண்டும் விலைமனு கொடுத்து, அந்த முறை ஓடரைப் பெற்றது.

எல்லாப் பொதியும் இப்படி அமைதியாக முடிவதில்லை. திருப்பிய பிறகும் மீண்டும் அனுப்பினால், அல்லது "எங்கட விலைமனுவைக் கொஞ்சம் பாருங்கோ" என்று சேர்த்துச் சொன்னால், மரியாதைக் கடிதத்தின் எல்லை முடிந்துவிட்டது. பேச்சைக் குறித்துவைத்து மேலிடத்திடம் ஒப்படைக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. தனியார் துறையில் கொடுக்கல் வாங்கலும் இப்போது அதற்குள் அடங்கும். அரச ஊழியருக்கு நிலைமை இன்னும் இறுக்கமானது: திணைக்களத்தோடு அலுவல் உள்ள ஒருவர் தருவதை 'வழக்கமான அன்பளிப்பு' என்று தானாகவே தீர்மானிக்காமல், உடனே மேலதிகாரிக்கு எழுத்தில் அறிவிப்பதே பாதுகாப்பு. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு முறைப்பாட்டைத் தெரிவிக்கலாம்.

நான் பேசியவர்களில் இருவரின் நிறுவனங்கள் நவம்பரிலேயே எல்லா வழங்குநர்களுக்கும் ஒரே கடிதம் அனுப்புகின்றன: "பண்டிகைக்கால வாழ்த்துகளை மகிழ்ச்சியோடு ஏற்போம், அன்பளிப்புகளை ஏற்க இயலாது." பொதி கட்டுவதற்கு முன்னரே இந்தக் கடிதம் கையில் கிடைத்தால், கடைக்காரருக்குச் செலவும் இல்லை, திருப்பி வாங்கும் வெட்கமும் இல்லை.